கான்ட்ராக்ட் நோட்டில் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி பாதிதான் வந்திருக்கிறது, புரோக்கரேஜ் இரண்டு இடத்தில் இருக்கிறது. யாராவது விளக்க முடியுமா?

தாமரைக்கண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். பங்குச் சந்தைக்கு நான் புதிது. ஒரே பங்கில் காலையில் 200 வாங்கினேன், மதியம் விலை கொஞ்சம் ஏறியதும் 80 விற்றேன். மீதி 120 கையில் இருக்கிறது. அன்று இரவே தரகர் அன்றைய வர்த்தகத்தையும் கட்டணங்களையும் காட்டும் கான்ட்ராக்ட் நோட் அனுப்பிவிட்டார். அதை வைத்துக்கொண்டு கால்குலேட்டரோடு உட்கார்ந்தால், நான் போடும் கணக்கு எதுவும் ஒத்து வரவில்லை. வர்த்தகம் நடந்தது என்எஸ்இ-யில், தேதி 2025 ஜனவரி. என் தரகர் எந்த ஆர்டராக இருந்தாலும் 20 ரூபாய் வாங்குகிறவர். நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

வாங்கியது: 200 பங்கு, விலை 412.50, பங்குக்கு புரோக்கரேஜ் 0.10, நிகர விலை 412.60, மொத்தம் 82,520.00
விற்றது: 80 பங்கு, விலை 418.00, பங்குக்கு புரோக்கரேஜ் 0.25, நிகர விலை 417.75, மொத்தம் 33,420.00

பே-இன் தொகை: 49,060.00
புரோக்கரேஜ்: 40.00
எக்ஸ்சேஞ்ச் கட்டணம்: 3.44
செபி கட்டணம்: 0.12
ஐஜிஎஸ்டி: 7.84
எஸ்டிடி: 58.00
ஸ்டாம்ப் டியூட்டி: 8.00
நான் கட்ட வேண்டியது: 49,177.40

சந்தேகம் இரண்டு. மேலே பங்குக்கு இவ்வளவு என்று புரோக்கரேஜ் பிடித்துவிட்டு, கீழே திரும்பவும் 40 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை வாங்குகிறார்களா? அப்புறம், எஸ்டிடி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் என்று படித்தேன். அப்படிப் பார்த்தால் 82,500-க்கு 82.50, 33,440-க்கு 33.44, மொத்தம் 116 ரூபாய் வர வேண்டும். வந்திருப்பது 58. குறைவாக வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பின்னால் மீதியையும் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

ரவி_டிரேடர்

பயப்படாதீங்க நண்பரே. நீங்கள் அதே நாளில் விற்றிருக்கிறீர்கள், அதனால் இது இன்ட்ராடே. இன்ட்ராடேயில் எஸ்டிடி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். இரண்டு பக்கத்துக்கு 116 என்றால் ஒரு பக்கத்துக்கு 58. சரியாகத்தான் இருக்கிறது.

தாமரைக்கண்ணன்

ஆமாம் சார், சரிபாதிதான் வருகிறது. ரொம்ப நன்றி. அப்படியானால் புரோக்கரேஜ் விஷயம் மட்டும்தான் பாக்கி.

மீனா_சு

எனக்கும் இப்படித்தான் ஒரு தொகை பிடித்தார்கள். விற்ற மறுநாள் பதினைந்து ரூபாய் சொச்சம் கணக்கிலிருந்து போயிருந்தது. கான்ட்ராக்ட் நோட்டில் தேடினால் அப்படி ஒரு வரியே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் பாட்டுத்தான் போடுகிறார்கள். இந்தத் தரகர்கள் எல்லோருமே இப்படித்தான், மறைத்து மறைத்துப் பிடிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

தரகு நிறுவனங்களின் பேக் ஆபீஸில் பல வருடம் இருந்தவன் நான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ரவி சொன்ன விடையில் தொகை சரி, காரணம் தவறு. 58 என்பது 116-இல் பாதியாக வந்தது முழுக்கத் தற்செயல். அதை நம்பி அடுத்த மாத நோட்டைப் பார்த்தீர்கள் என்றால் குழம்பிப்போவீர்கள்.

அந்த 58 எப்படி வந்தது என்று பார்ப்போம். ஒரு பங்கில் ஒரு நாளில் நீங்கள் வாங்கியதையும் விற்றதையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் வாங்கியது 200, விற்றது 80. ஆக 80 பங்கு வந்த வழியே போய்விட்டது, அது இன்ட்ராடே. மிஞ்சிய 120, பங்குகளை வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்குக்கு வரப்போகிறது, அது டெலிவரி. இரண்டுக்கும் வெவ்வேறு விகிதம்.

இன்ட்ராடேக்கு விற்ற பக்கம் மட்டும் 0.025 சதவீதம். 80 பங்கு 418-க்கு விற்றது 33,440. அதற்கு 8.36 ரூபாய். டெலிவரிக்கு வாங்கிய பக்கம் 0.1 சதவீதம். 120 பங்கு 412.50-க்கு 49,500. அதற்கு 49.50 ரூபாய். கூட்டினால் 57.86. எஸ்டிடியை முழு ரூபாயாக்கிப் போடுவது வழக்கம், அதனால் 58.

இது தற்செயல் என்று சொன்னேன் அல்லவா, சோதித்துப் பாருங்கள். 80-க்குப் பதில் 150 விற்றிருந்தால்? இன்ட்ராடே 62,700-க்கு 15.68, டெலிவரி 50 பங்குக்கு 20.63, மொத்தம் 36 ரூபாய். ரவி சொன்ன பாதிக் கணக்கில் 73 வந்திருக்கும்.

இன்னொன்று. ஆர்டர் போடும்போது நீங்கள் டெலிவரி என்று தேர்ந்தெடுத்தீர்களா, இன்ட்ராடே என்று தேர்ந்தெடுத்தீர்களா என்பதை எஸ்டிடி பார்ப்பதே இல்லை. நாள் முடிவில் என்ன மிஞ்சியது என்பதுதான் கணக்கு. அதே நாளில் நாலைந்து விலையில் வாங்கியிருந்தால், அந்த நாளின் சராசரி விலையை எடுத்துக்கொள்வார்கள். காலையில் வாங்கியது எது, மதியம் வாங்கியது எது என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

ரவி_டிரேடர்

சரி சார், ஏற்றுக்கொள்கிறேன். நான் எப்போதும் முழுதாக வாங்கி முழுதாக விற்றுவிடுவேன், அதனால் இந்தக் கலவை எனக்கு வந்ததில்லை. ஆனால் ஸ்டாம்ப் டியூட்டி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதைத் தாளை வைத்துச் சரிபார்க்கவே முடியாது. அதை விட்டுவிடுவது நல்லது.

கணக்குப்பிள்ளை

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2020 ஜூலை 1-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே விகிதம். பணம் கடைசியில் மாநிலத்துக்குத்தான் போகிறது, ஆனால் விகிதம் மாறாது. வாங்குகிறவர் மட்டும் கட்ட வேண்டும். டெலிவரி என்றால் 0.015 சதவீதம், இன்ட்ராடே என்றால் 0.003 சதவீதம்.

தாமரைக்கண்ணன் நோட்டிலேயே பார்க்கலாம். 120 பங்கின் 49,500-க்கு 7.43. அன்றே விற்றுப்போன 80 பங்கும் 412.50-க்கு வாங்கியதுதானே, அந்த 33,000-க்கு 0.99. மொத்தம் 8.42, முழு ரூபாயாக 8. எஸ்டிடி சொல்லும் அதே 120, 80 பிரிவுதான் இங்கேயும் வருகிறது. இந்த இரண்டு வரியும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒன்று ஒத்துவந்து மற்றது வரவில்லை என்றால் மட்டும் தரகரிடம் கேளுங்கள்.

இப்போது புரோக்கரேஜ். பலருக்கு வரும் குழப்பம் இது, வடிவமைப்பே அப்படி. மேலே அட்டவணையில் `Net Rate per Unit` என்ற பத்தி புரோக்கரேஜையும் சேர்த்துக் காட்டுகிறது. வாங்கியதில் 20 ரூபாயை 200 பங்குக்குப் பங்கிட்டால் பத்துக் காசு. விற்றதில் அதே 20 ரூபாய் 80 பங்குக்குப் பங்கிட்டால் 25 காசு. வாங்கும்போது விலையோடு கூட்டுவார்கள், விற்கும்போது கழிப்பார்கள். அதனால்தான் 412.60, 417.75.

கீழே உள்ள பே-இன் தொகை எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். நிகர விலையில் 82,520-இல் 33,420 போனால் 49,100. புரோக்கரேஜ் இல்லாத விலையில் 82,500-இல் 33,440 போனால் 49,060. உங்கள் தாளில் இருப்பது 49,060. ஆகவே அதில் புரோக்கரேஜ் சேரவில்லை, கீழே 40 ரூபாய் தனியாக வருவது சரிதான். ஒரே தடவைதான் பிடித்திருக்கிறார்கள்.

ஒருவேளை பே-இன் 49,100 என்று இருந்து, கீழே 40-ஐயும் கூட்டிக் கடைசித் தொகை போட்டிருந்தால் அது இரட்டைப் பிடித்தம். சில தரகர்களின் தாளில் 49,100 என்று போட்டுவிட்டு, கீழே 40-ஐ ஜிஎஸ்டி கணக்குக்காக மட்டும் காட்டுவார்கள், கூட்ட மாட்டார்கள். `Taxable value of Supply` என்று போட்டிருக்கும். அதுவும் சரிதான். தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாமல் கூட்டிப் பாருங்கள்.

தாமரைக்கண்ணன்

கூட்டிப் பார்த்தேன் சார். 49,060-உடன் 40, 3.44, 0.12, 7.84, 58, 8 சேர்த்தால் 49,177.40. காசு மாறாமல் வருகிறது. செலவு மட்டும் 117.40.

ஒரு கேள்வி. 7.84 எதற்கு ஜிஎஸ்டி? 117-க்கு 18 சதவீதம் என்றால் 21 ரூபாய் வர வேண்டுமே.

கணக்குப்பிள்ளை

ஜிஎஸ்டி சேவைக்குத்தான். தரகர் செய்த சேவைக்கு 40, எக்ஸ்சேஞ்சுக்கு 3.44, செபிக்கு 0.12, மொத்தம் 43.56. இதற்கு 18 சதவீதம் 7.84. எஸ்டிடியும் ஸ்டாம்ப் டியூட்டியும் அரசுக்குப் போகும் வரி, அவற்றின் மேல் ஜிஎஸ்டி கிடையாது. செபி கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி 2022 ஜூலையில்தான் வந்தது, அதனால் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு காசு இரண்டு காசு இடிக்கும்.

எக்ஸ்சேஞ்ச் கட்டணம் என்எஸ்இ-யில் 2024 அக்டோபர் 1 முதல் லட்சத்துக்கு 2.97 ரூபாய், இரண்டு பக்கத்துக்கும். உங்கள் மொத்த வர்த்தகம் 1,15,940. அதற்கு 3.44. செபிக்குக் கோடிக்குப் பத்து ரூபாய், அதுதான் அந்தப் பன்னிரண்டு காசு. சில தரகர்கள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கென்று இன்னும் சில காசுகளைத் தனி வரியாகவோ எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தோடு சேர்த்தோ காட்டுவார்கள். காசு வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 2024 அக்டோபருக்கு ஒரு கதை உண்டு. அதற்கு முன்பு வர்த்தக அளவு கூடக்கூட எக்ஸ்சேஞ்ச் தரகரிடம் வாங்கும் விகிதம் குறையும். தரகரோ வாடிக்கையாளரிடம் மேல் விகிதத்திலேயே வாங்குவார், நடுவில் உள்ளது அவருக்கு. எக்ஸ்சேஞ்ச் பெயரில் வாங்குவது எக்ஸ்சேஞ்சுக்குப் போவதோடு சரியாக ஒத்திருக்க வேண்டும் என்று செபி சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் ஒரே விகிதம் வந்தது. அந்த வருமானம் போனதும் சில தரகர்கள் புரோக்கரேஜை ஏற்றினார்கள். நோட்டில் ஒரு வரி குறைந்து இன்னொரு வரி கூடியதன் பின்னணி அதுதான்.

மீனா_சு

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பதினைந்து ரூபாய்?

கணக்குப்பிள்ளை

மன்னிக்கணும் மேடம், வரிசையில் விட்டுப்போனது. நீங்கள் விற்றது டீமேட்டில் ஏற்கெனவே இருந்த பங்காக இருக்கும். அங்கிருந்து பங்கு வெளியே போகும்போது டிபி கட்டணம் பிடிப்பார்கள். ஒரு நாளில் ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு தடவை. பத்துப் பங்கு விற்றாலும் ஆயிரம் பங்கு விற்றாலும் ஒரே தொகைதான். டெபாசிட்டரிக்கு ஒரு பகுதி, தரகருக்கு ஒரு பகுதி, மேலே ஜிஎஸ்டி. தரகருக்குத் தரகர் தொகை மாறும்.

இது வர்த்தகத்துக்கான கட்டணம் இல்லை, டீமேட் கணக்குக்கான கட்டணம். அதனால் கான்ட்ராக்ட் நோட்டில் வராது, தரகரிடம் உள்ள உங்கள் பணக் கணக்கான லெட்ஜரில் வரும். மறைத்துப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் நோட்டை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது என்பது உண்மை. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விற்கிறவர்களுக்கு இதுதான் பெரிய செலவு. இரண்டாயிரம் ரூபாய்க்குப் பங்கு விற்று பதினைந்து ரூபாய் கொடுத்தால் முக்கால் சதவீதம் போச்சு.

தாமரைக்கண்ணனுக்கு அந்த 80 பங்குக்கு இது வராது. அவை டீமேட்டுக்கு வரவும் இல்லை, அங்கிருந்து போகவும் இல்லை.

மீனா_சு

ஓ. நான் ஒவ்வொரு வாரமும் ஐந்து ஐந்தாக விற்றுக்கொண்டிருந்தேன். சரி, இனி மொத்தமாக விற்றுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் நோட்டில் ஐஜிஎஸ்டி இல்லை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி இருக்கிறது. அவருக்குக் கூடுதலா?

ரவி_டிரேடர்

இது எனக்குத் தெரியும். அவருடைய தரகர் தமிழ்நாட்டிலேயே ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பார், அதனால் 9-உம் 9-உம். தாமரைக்கண்ணனின் தரகர் வேறு மாநிலத்தில் இருக்கிறார், அதனால் ஒரே வரியில் 18. மொத்தம் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை

ரவி சொன்னது சரி.

வேலு_பழையவர்

இந்த இழையைப் படித்தபின் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது. என் விஷயம் வேறு, ஆனாலும் இங்கேயே கேட்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு 810-க்கு வாங்கிய 100 பங்கு இருக்கிறது. போன மார்ச்சில் விலை 640. வேறு பங்கில் லாபம் இருந்ததால், இந்த நஷ்டத்தைக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்று விற்றேன். பங்கு நல்ல பங்கு, விட மனசில்லை. அதனால் அதே நாள் மதியம் 638-க்குத் திரும்ப 100 வாங்கிவிட்டேன். இரண்டு ஆர்டரும் டெலிவரி என்றுதான் போட்டேன், இரண்டும் என்எஸ்இ. 17,000 ரூபாய் நஷ்டம் காட்டலாம் என்று கணக்கு. இப்போது அந்த நாள் நோட்டை எடுத்துப் பார்த்தால் எஸ்டிடி 16 ரூபாய், ஸ்டாம்ப் டியூட்டி 2 ரூபாய். இது சரியா?

கணக்குப்பிள்ளை

வேலு சார், நோட்டு சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் உங்கள் திட்டத்தில்.

நீங்கள் 100 விற்று அதே நாளில் 100 வாங்கியதால் நாள் முடிவில் மிஞ்சியது பூஜ்யம். உங்கள் பழைய 100 பங்கு டீமேட்டை விட்டு நகரவே இல்லை. முதலில் விற்று அப்புறம் வாங்கினாலும் சந்தையின் கண்ணில் அது இன்ட்ராடேதான். 64,000-க்கு 0.025 சதவீதம் 16 ரூபாய், அதுதான் உங்கள் எஸ்டிடி. உண்மையாகவே டெலிவரியாக நடந்திருந்தால் விற்றதற்கு 64, வாங்கியதற்கு 63.80, மொத்தம் 128 ரூபாய் வந்திருக்கும். ஸ்டாம்ப் டியூட்டியும் பத்து ரூபாய் வந்திருக்கும், வந்தது 2. லெட்ஜரைப் பாருங்கள், அந்த விற்பனைக்கு டிபி கட்டணம் பிடித்திருக்க மாட்டார்கள். மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

அதனால் 17,000 நஷ்டம் நடக்கவில்லை என்பதுதான் என் புரிதல். நடந்தது 640-க்கு விற்று 638-க்கு வாங்கிய இன்ட்ராடே லாபம், 200 ரூபாய், செலவு போக. உங்கள் 810 ரூபாய்ப் பங்கு அப்படியே 810 ரூபாய்ப் பங்காகத்தான் இருக்கிறது.

வேலு_பழையவர்

தலையில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது. தரகரின் செயலியில் டெலிவரி என்றுதானே காட்டியது? என் ஆடிட்டர் இதை மூலதன நஷ்டமாகவே கணக்கில் எடுத்திருக்கிறார். நான் விற்றதும் உண்மை, வாங்கியதும் உண்மை, நோக்கம்தான் முக்கியம் என்கிறார்.

கணக்குப்பிள்ளை

செயலி நீங்கள் ஆர்டரில் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதைக் காட்டும். தரகருக்கு அது மார்ஜினுக்கும் புரோக்கரேஜுக்கும் தேவை. வரிக்கு அது பொருட்டில்லை.

ஆடிட்டரோடு நான் வாதாட வரவில்லை, வருமான வரியில் அவருக்குத்தான் அனுபவம் அதிகம். ஆனால் நோட்டையும், அந்த மாத டீமேட் அறிக்கையையும் அவர் முன்னால் வையுங்கள். அந்த அறிக்கையில் பங்கு வெளியே போய் உள்ளே வந்ததாகப் பதிவு இருக்காது. பங்கே நகராதபோது எதை விற்றதாகக் காட்டுவது என்று அவரிடமே கேளுங்கள். ரிட்டர்னைத் திருத்த வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு அவர் சொல்லட்டும்.

அடுத்த தடவை செய்வதானால் இன்று விற்று நாளை வாங்குங்கள். இடையில் ஒரு இரவு விலை ஏறிவிடும் அபாயம் இருக்கிறது, அதைத் தவிர்க்க வழியில்லை. அந்த இரண்டு நாள் நோட்டிலும் எஸ்டிடி 0.1 சதவீதமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-க்குள் விற்பனை முடிந்திருக்க வேண்டும் என்பதால் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம்.

ரவி_டிரேடர்

என்எஸ்இ-யில் விற்று பிஎஸ்இ-யில் வாங்கினால் ஒரு இரவு காத்திருக்க வேண்டாமே? எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

கணக்குப்பிள்ளை

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சந்தையின் வர்த்தகத்தையும் ஒரே கிளியரிங் நிறுவனத்தில் சேர்த்துத் தீர்க்கும் வசதி வந்தபிறகு, பங்கு டீமேட்டிலிருந்து உண்மையில் போய் வருகிறதா என்பது உங்கள் தரகர் எப்படித் தீர்க்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் செய்ய மாட்டேன். உங்கள் குழு நண்பரின் டீமேட் அறிக்கையில் அன்று இரண்டு பதிவும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

தாமரைக்கண்ணன்

என் கடைசிக் கேள்வி. அந்த 120 பங்கை நாளைக்கு விற்றால் அடக்க விலை 412.50 என்றா, 412.60 என்றா எடுக்க வேண்டும்? எஸ்டிடியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை

எஸ்டிடியைச் சேர்க்கக் கூடாது. மூலதன ஆதாயக் கணக்கில் எஸ்டிடிக்கு இடமில்லை, வாங்கியபோது கட்டியதும் சரி, விற்றபோது கட்டியதும் சரி. மற்ற செலவுகளைச் சேர்க்கலாம். உங்கள் 120 பங்கின் விலை 49,500. புரோக்கரேஜ் பங்குக்குப் பத்துக் காசு, 12 ரூபாய். ஸ்டாம்ப் டியூட்டி 7.43. எக்ஸ்சேஞ்ச், செபி இரண்டும் சேர்ந்து 1.52. புரோக்கரேஜுக்கும் இந்த 1.52-க்கும் ஜிஎஸ்டி 2.43. எல்லாம் சேர்த்து 23.38. ஆக 49,523.38, பங்குக்கு 412.69.

அந்த 80 பங்கின் கதை வேறு. அது இன்ட்ராடே, வியாபார வருமானம். அங்கே 8.36 எஸ்டிடியைச் செலவாகக் காட்டலாம். ஒரே நோட்டில் உள்ள ஒரே வரி, பாதி ஒரு பக்கமும் மீதி இன்னொரு பக்கமும் போகிறது.

மீனா_சு

பங்குக்கு 19 காசுக்காக இவ்வளவு கணக்கா? நான் தரகர் வருடக் கடைசியில் தரும் லாப நஷ்ட அறிக்கையை அப்படியே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவேன்.

கணக்குப்பிள்ளை

தாராளமாகக் கொடுங்கள். அந்த அறிக்கையில் செலவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல அறிக்கைகளில் லாபம் ஒரு பக்கம், செலவு வேறு ஒரு பக்கத்தில் மொத்தமாக இருக்கும்.

நோட்டில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஆர்டர் எண், ஆர்டர் நேரம், ட்ரேட் எண், ட்ரேட் நேரம் இருக்கும். முதல் பக்கத்தில் சராசரி விலை மட்டும் போட்டிருந்தால் பின்னிணைப்பில் தேடுங்கள். நீங்கள் போடாத ஆர்டர் ஒன்று அதில் இருந்தால் புரோக்கரேஜ் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் அதை எழுத்தில் கேளுங்கள். ட்ரேட் எண்ணை வைத்து எக்ஸ்சேஞ்சின் இணையதளத்திலேயே அந்த வர்த்தகம் உண்மையா என்று சரிபார்க்கலாம், ஆனால் சில நாள் வரைதான் அங்கே கிடைக்கும். நோட்டு 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. வரவில்லை என்றால் மின்னஞ்சல் ஸ்பேமில் தேடுங்கள், அங்கேயும் இல்லை என்றால் உங்கள் கணக்கில் யாரோ மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள்.

வேலு_பழையவர்

டீமேட் அறிக்கையை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே அந்த நாளில் ஒரு பதிவும் இல்லை. திங்கட்கிழமை ஆடிட்டரைப் பார்க்கிறேன். என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுகிறேன்.

ரவி_டிரேடர்

குழு நண்பரிடம் கேட்டேன். அறிக்கையைத் தர மாட்டாராம். எஸ்டிடி மட்டும் இரண்டு பக்கமும் 0.1 சதவீதம் வந்தது என்கிறார். அது போதாதா சார்?

கணக்குப்பிள்ளை

எஸ்டிடி சந்தை வாரியாகப் போடப்படுவதால் அப்படி வந்திருக்கும். பங்கு நகர்ந்ததா என்பது வேறு கேள்வி. அன்று டிபி கட்டணம் பிடித்தார்களா என்று கேளுங்கள்.